கோத்தகிரியில் இரவு, மெல்போர்னில் காலை: மெயிலை எப்போது, எதில் அனுப்புவது?

நீலகிரியில் சிறிய அளவில் ஆர்த்தடாக்ஸ் தேயிலை தயாரித்து வெளிநாட்டுக்கு நேரடியாக விற்பவர்களிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டதை அப்படியே தருகிறேன்: "பகல் பூரா ஃபேக்டரியில ஓடிடுது அண்ணா. ராத்திரி எட்டரைக்கு மேலதான் மெயிலுக்கு உட்கார முடியுது. அந்த நேரத்துல அனுப்பினா மெல்போர்ன்காரருக்கு நடுராத்திரி. காலையில அவர் பார்க்கறப்போ என் மெயில் அடியில போயிடுது. ஷெட்யூல் பண்ணலாம்னா ஜிமெயிலா, அவுட்லுக்கா, இல்ல காசு கட்டி ஏதாவது சர்வீஸ் எடுக்கணுமா?"

இவருக்கு மூன்று ஊர்களில் வாடிக்கையாளர்கள்: ஹாம்பர்க், நியூ ஜெர்சி, மெல்போர்ன். மூன்றுக்கும் ஒரே பதில் சரிப்படாது. அதனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், எதை வைத்து ஒப்பிடுவது என்பதைத் தீர்மானித்துக்கொள்வோம்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலாவது, காத்திருக்கும் மெயில் எங்கே இருக்கிறது என்பது. நம் கம்ப்யூட்டரிலா, மெயில் நிறுவனத்தின் சர்வரிலா? சமவெளியில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் லைன் மேல் மரம் சாய்ந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையிலேயே அந்த நிலைமைதான். அதிகாலை நான்கு மணிக்குப் போகவேண்டிய மெயில் நம் வீட்டுக் கம்ப்யூட்டரை நம்பியிருந்தால், அது போகுமா என்பதை மழைதான் முடிவுசெய்யும்.

இரண்டாவது, கடைசி நேரத்தில் நிறுத்த முடியுமா என்பது. தேயிலை வியாபாரத்தில் இருப்பதே நாற்பது கிலோ, அறுபது கிலோ. ஒருவர் எடுத்துக்கொண்டுவிட்டால் மற்றவருக்கு அதே சரக்கைக் காட்டும் மெயில் போகக்கூடாது.

மூன்றாவது, யாருடைய கடிகாரத்தை வைத்துக் கணக்கு போடுகிறோம் என்பது. நமக்கு வருடம் முழுக்க ஒரே நேரம். ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதி ஆகிய இடங்களில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுகிறார்கள். அதுவும் ஒரே நாளில் இல்லை.

செலவு கடைசியில்தான் வருகிறது. ஏழெட்டுப் பேருக்கு எழுதுகிறவருக்கு இதில் பணச்செலவு அநேகமாக இல்லை. மறைமுகச் செலவுகள்தான் உண்டு.

## ஷெட்யூலே வேண்டாத நேரங்கள்

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஊரில் காலை 9:30 ஆகும்போது நமக்கு எத்தனை மணி என்று பாருங்கள்.

| ஊர் | அவர்களின் குளிர்காலத்தில் | அவர்களின் கோடையில் |
|---|---|---|
| டோக்கியோ | காலை 6:00 | காலை 6:00 |
| துபாய் | காலை 11:00 | காலை 11:00 |
| ஹாம்பர்க் | மதியம் 2:00 | மதியம் 1:00 |
| லண்டன் | மதியம் 3:00 | மதியம் 2:00 |
| நியூ ஜெர்சி, நியூயார்க் | இரவு 8:00 | மாலை 7:00 |
| கலிஃபோர்னியா | இரவு 11:00 | இரவு 10:00 |
| மெல்போர்ன், சிட்னி | அதிகாலை 5:00 | அதிகாலை 4:00 |

9:30 என்று நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கணக்கு ஒரு மணி நேரம் முன்னே பின்னே தவறினாலும் 8:30 அல்லது 10:30. இரண்டும் மோசமில்லை. சரியாக எட்டு மணிக்குக் குறிவைத்தால், தவறும்போது ஏழு மணிக்குப் படுக்கையறையில் போன் கிணுகிணுக்கும்.

இந்த அட்டவணையில் ஐரோப்பாவைப் பாருங்கள். ஹாம்பர்க்குக்கும் லண்டனுக்கும் நாம் மதியச் சாப்பாடு முடித்து உட்கார்ந்து எழுதினாலே அவர்களுக்குக் காலை. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு நம் இரவு எட்டு மணி கச்சிதம். துபாய்க்கு எந்த ஏற்பாடும் வேண்டாம். ஆக, ஷெட்யூல் உண்மையில் கைகொடுப்பது நாம் தூங்கும் நேரம் அவர்களுக்குக் காலையாக இருக்கும் ஊர்களுக்குத்தான். நம் பட்டியலில் அது மெல்போர்னும் சிட்னியும். சீக்கிரம் படுப்பவருக்குக் கலிஃபோர்னியாவும். மற்ற ஊர்களுக்கு, எழுதும் நேரம் நம் கையில் இல்லாதபோது மட்டும்.

## வழி 1: எழுதியதும் அனுப்பிவிடுவது

இதைப் பலர் நாகரிகம் இல்லாத செயலாக நினைக்கிறார்கள். அப்படி ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கரண்ட் பற்றிய கவலை இல்லை, கணக்கு போட வேண்டியதில்லை, "போச்சா இல்லையா" என்ற சந்தேகமும் இல்லை. முகவரி தவறாக இருந்து மெயில் திரும்பி வந்தால் நாம் விழித்திருக்கும்போதே தெரிந்துவிடும்.

கேட்ட கேள்விக்குப் பதில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இந்த வழிதான். கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிற ஒருவருக்கு லண்டனிலிருந்து "மே இரண்டாவது வாரம் அறை இருக்கிறதா?" என்று கேட்டு வந்தால், அவர்களுக்கு விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. கேட்டவர் இன்னும் நாலு இடத்தில் கேட்டிருப்பார். சரக்கு அனுப்பிய பில், கூரியர் எண், சுங்கத்துக்கான ஆவணம் போன்றவையும் அப்படித்தான். அவர்கள் எதிர்பார்த்திருக்கும் மெயில் எந்த நேரத்தில் வந்தாலும் தேடி எடுத்துப் படிப்பார்கள்.

நாமாகப் போய்க் கதவைத் தட்டும் மெயில்களில்தான் இந்த வழி சறுக்குகிறது. புதிய சரக்கின் அறிமுகம், விலைப்பட்டியல், பதில் வராததற்கு நினைவூட்டல் போன்றவை இரவில் போய்ச் சேர்ந்தால் காலைக் குவியலில் கீழே போய்விடும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் தொடர்பைப் பார்க்கவோ பதில் சொல்லவோ ஊழியர் நியாயமான அளவில் மறுக்கலாம் என்று சட்டமே வந்துவிட்டது. முதலாளியிடமிருந்து வருவது மட்டுமல்ல, வேலை தொடர்பாக வெளியாட்களிடமிருந்து வருவதும் அதில் அடங்கும். ஒரு வருடம் கழித்துச் சிறு நிறுவனங்களுக்கும் அது அமலானது. அனுப்புகிறவருக்கு அதில் தடை ஏதுமில்லை. ஆனால் ராத்திரியில் வரும் வியாபார மெயிலை அங்கே எப்படிப் பார்ப்பார்கள் என்பதை அது காட்டிவிடுகிறது.

## வழி 2: சர்வரில் காத்திருக்கும் ஷெட்யூல்

ஜிமெயிலில் இந்த வசதி 2019 ஏப்ரலில் வந்தது. கம்ப்யூட்டரில் அனுப்பும் பொத்தானுக்கு அருகிலுள்ள சிறு அம்பை அழுத்தினால் `Schedule send` இருக்கும். போன் ஆப்பில் மேலே உள்ள மூன்று புள்ளிகளுக்குள் இருக்கும். தேதியும் நேரமும் கொடுத்தால் மெயில் `Scheduled` என்ற பகுதிக்குப் போய்விடும். அவுட்லுக்கின் இணையப் பதிப்பிலும் இதே வசதி உண்டு. அங்கே மெயில் `Drafts` பகுதியில் காத்திருக்கும். இரண்டிலும் அதற்குப் பிறகு நம் கம்ப்யூட்டருக்கு வேலை இல்லை. லேப்டாப்பை மூடலாம், கரண்ட் போகலாம், மெயில் போய்விடும். முதல் அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண்.

ஆனால் ஒரு நுணுக்கம். மெயில் சர்வருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இந்தப் பாதுகாப்பு. சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகும் இடத்தில் நின்றுகொண்டு போனில் ஷெட்யூல் செய்தால், அது போனிலேயே தேங்கி நிற்கலாம். இதைக் கண்டுபிடிப்பது எளிது: வேறொரு கருவியில், வீட்டில் இன்னொருவர் போனின் பிரவுசரிலாவது, உங்கள் ஜிமெயிலைத் திறந்து `Scheduled` பகுதியைப் பாருங்கள். அங்கே தெரிந்தால் சர்வரில் இருக்கிறது. பார்த்து முடித்ததும் வெளியேற மறக்காதீர்கள்.

நிறுத்துவதும் சுலபம். காத்திருக்கும் மெயிலைத் திறந்து `Cancel send` அழுத்தினால் அது டிராஃப்டாகிவிடும். ஒரு எழுத்தைத் திருத்தவேண்டும் என்றாலும் இப்படி ரத்துசெய்துவிட்டுத் திரும்ப நேரம் குறிக்கவேண்டும். திருத்திய பிறகு அப்படியே மூடிவிட்டால் அது வெறும் டிராஃப்டாகவே கிடக்கும். "ஷெட்யூல் பண்ணேன், போகவே இல்லை" என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது டிராஃப்டைத்தான்.

ஜிமெயிலில் ஒரே சமயத்தில் 100 மெயில்கள் வரை காத்திருக்கலாம். குறித்த நேரத்துக்குச் சில நிமிடங்கள் பிந்தியும் போகலாம், அதனால் நிமிடக் கணக்கு முக்கியமான ஏலம், டெண்டர் கெடுவுக்கு இதை நம்பவேண்டாம்.

பலவீனம் மூன்றாவது அளவுகோலில். இது உங்கள் கடிகாரத்தை மட்டுமே அறியும். பெறுபவர் மெல்போர்னில் இருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. கணக்கு நம்முடையது, அதைச் சரியாகப் போடுவது எப்படி என்று கீழே சொல்கிறேன். இன்னொன்று, ஷெட்யூல் செய்யும்போது நீங்கள் இருக்கும் இடத்தின் நேரப்படிதான் அது குறித்துக்கொள்ளும். கண்காட்சிக்காகத் துபாய் போயிருக்கும்போது ஊர் நினைப்பில் "4:00" என்று போட்டால், அது துபாயின் நான்கு மணி, நம் ஐந்தரை.

## வழி 3: நம் கம்ப்யூட்டரில் காத்திருக்கும் ஷெட்யூல்

கம்ப்யூட்டரில் நிறுவிய பழைய அவுட்லுக்கில் `Delay Delivery` என்று உண்டு. தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் மென்பொருளில் `Send Later` என்ற பெயரிலேயே ஒரு ஆட்-ஆன் கிடைக்கிறது. இரண்டையும் பல ஃபேக்டரி அலுவலகங்களில் பார்க்கலாம், ஏனென்றால் சொந்த டொமைனில் மெயில் வைத்திருப்பவர்கள் காலங்காலமாக இப்படித்தான் பழகியிருக்கிறார்கள்.

பாப், ஐமேப் வகை மெயில் கணக்குகளில், குறித்த நேரத்தில் அவுட்லுக் திறந்திருந்தால்தான் மெயில் போகும். தண்டர்பேர்டும் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். கம்ப்யூட்டர் தூங்கிவிட்டால் மெயில் அதிலேயே கிடந்து, நாம் அடுத்த முறை திறக்கும்போது சட்டென்று கிளம்பும். இதுதான் இந்த வழியின் பெரிய ஆபத்து. போகாமலே இருந்தாலாவது பார்த்துத் திரும்ப அனுப்பலாம். இது நாம் கேட்காத நேரத்தில், நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. மெல்போர்னுக்கு அதிகாலை நான்கு மணிக்கு வைத்த மெயில், கரண்ட் வராமல் மாலை ஏழுக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தபோது கிளம்பினால் அங்கே இரவு 12:30. எதைத் தவிர்க்க முயன்றோமோ அதுவே நடக்கும். நடந்ததா என்று பார்க்க, `Sent` பகுதியில் அந்த மெயிலின் நேரத்தைப் பாருங்கள். குறித்த நேரம் இல்லாமல் கம்ப்யூட்டரைத் திறந்த நேரம் இருந்தால் விஷயம் அதுதான்.

கவனிக்க: தண்டர்பேர்டில் ஆட்-ஆன் இல்லாமலே ஒரு `Send Later` கட்டளை உண்டு. அதற்கு நேரம் குறிக்கும் வசதி கிடையாது. மெயிலை `Outbox`-இல் வைப்பதோடு சரி.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? பகலில் மட்டும் ஷெட்யூல் தேவைப்படுகிறவருக்கு. காலை பத்து மணிக்கு எழுதிவிட்டு ஹாம்பர்க்குக்கு மதியம் போகட்டும் என்று வைப்பவர், அலுவலகக் கம்ப்யூட்டர் மாலைவரை ஓடுமென்றால், தாராளமாகப் பயன்படுத்தலாம். மெயில் கணக்கை வேறு இடத்துக்கு மாற்றும் வேலை மிச்சம். இரவுக்கு மட்டும் வேண்டாம்.

## வழி 4: பெறுபவரின் ஊர் நேரப்படி தானே அனுப்பும் சேவைகள்

ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் சேவைகளில் சில, ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊரின் காலை 9:30-க்குப் போகும்படி வைக்க இடம் தருகின்றன. மெயில்சிம்பில் அதன் பெயர் `Timewarp`. கோடைநேர மாற்றத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்பதால் மூன்றாவது அளவுகோலில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

விலையை இரண்டு விதத்தில் கொடுக்கிறோம். ஒன்று மாதக் கட்டணம். இந்த வசதி இலவசத் திட்டத்தில் கிடையாது. மற்றது, 24 மணி நேரத்துக்கு முன்பே எல்லாம் தயாராக இருக்கவேண்டும். உலகில் முதலில் விடியும் ஊருக்கும் நேரம் தவறாமல் போகவேண்டுமே! இன்றிரவு எழுதி நாளைக் காலை சேரவேண்டியதற்கு இது ஆகாது.

தவிர, இந்தச் சேவைக்கு ஒருவரின் ஊர் தெரிவது அவர் பதிவுசெய்தபோது கிடைத்த ஐபி முகவரி போன்ற தடயங்களை வைத்துத்தான். நீங்களே எக்செல்லிலிருந்து ஏற்றிய முகவரிகளுக்கு அந்தத் தடயம் இருக்காது. `gmail.com` முகவரியிலிருந்து இப்படி அனுப்பினால் ஸ்பேமில் விழும் வாய்ப்பும் அதிகம், சொந்த டொமைன் வாங்கி அதைச் சரிபார்க்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேல், அது கடிதம் மாதிரி இருக்காது, சுற்றறிக்கை மாதிரி இருக்கும். மூன்று வருடமாக உங்களிடம் தேயிலை வாங்குகிற ஹாம்பர்க்காரருக்கு அடியில் "பட்டியலிலிருந்து விலக" என்ற வரியோடு மெயில் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சில்லறையாக நூற்றுக்கணக்கானவர்கள் பல நாடுகளில் வாங்குகிறார்கள், வருடத்துக்கு நாலைந்து முறை "புது அறுவடை வந்துவிட்டது" என்று சொல்லவேண்டும் என்றால் இதுதான் சரி. அதற்குக் கீழே வேண்டியதில்லை.

## ஒரு இரவை வைத்துப் பார்ப்போம்

கோத்தகிரிக்காரரிடம் பனிக்காலத்தில் பறித்த இலையில் செய்த தேயிலை அறுபது கிலோ இருக்கிறது. 2026 மார்ச் 31, செவ்வாய், இரவு எட்டரைக்கு எழுத உட்காருகிறார். அப்போது ஹாம்பர்க்கில் மாலை 5 மணி, நியூ ஜெர்சியில் காலை 11, மெல்போர்னில் புதன் அதிகாலை 2.

நியூ ஜெர்சிக்கு அப்போதே அனுப்பிவிடலாம். ஹாம்பர்க்குக்குப் புதன் மதியம் 1:00-க்கும், மெல்போர்னுக்குப் புதன் அதிகாலை 4:00-க்கும் ஜிமெயிலில் ஷெட்யூல். "இந்த வாரக் கடைசியில் அனுப்பலாமே" என்று தள்ளிப்போட்டால் மாட்டிக்கொள்வார். ஏப்ரல் 3 புனித வெள்ளி, 6 ஈஸ்டர் திங்கள். ஜெர்மனியிலும் மெல்போர்னிலும் இரண்டு நாளும் விடுமுறை. வெள்ளிக்கிழமை சேரும் மெயிலை அடுத்த செவ்வாய்க்குத்தான் பார்ப்பார்கள்.

இப்போது நேரக் கணக்கு. போனில் உள்ள உலகக் கடிகாரத்தை இதற்கு நம்பவேண்டாம். அது இன்றைய வித்தியாசத்தைத்தான் காட்டும், மெயில் போகும் நாளின் வித்தியாசத்தை அல்ல. மார்ச் 29 ஞாயிறன்று ஐரோப்பா கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது. அமெரிக்கா அதற்கு மூன்று வாரம் முன்பே, மார்ச் 8-இலேயே தள்ளிவிட்டது. மெல்போர்ன் ஏப்ரல் 5-இல் பின்னே இழுக்கிறது. பதில் வராவிட்டால் ஏப்ரல் 7-இல் மெல்போர்னுக்கு நினைவூட்டல் போகவேண்டும் என்றால், பழைய கணக்கில் 4:00 என்று வைத்தால் அங்கே 8:30; சரியான நேரம் 5:00.

தேதிக்கேற்ற கணக்குக்கு கூகுள் காலண்டர் போதும். ஒரு நிகழ்ச்சியை உருவாக்கி, நேரத்துக்கு அருகில் உள்ள `Time zone` என்பதை அழுத்தி மெல்போர்னைத் தேர்ந்தெடுத்து, ஏப்ரல் 7 காலை 9:30 என்று போட்டுச் சேமியுங்கள். காலண்டரில் அது நம் நேரப்படி விழும். அந்த நேரத்தை ஜிமெயிலில் போட்டுவிட்டு நிகழ்ச்சியை அழித்துவிடலாம்.

மெயில் வாசகத்திலும் கவனம் வேண்டும். "இன்று காலை சாம்பிள் கூரியரில் போட்டேன்" என்று செவ்வாய் இரவு எழுதியது புதன்கிழமை சேரும்போது தவறாகிவிடும். "மார்ச் 31" என்று தேதியாக எழுதவேண்டும். "நாளை", "நேற்று" எல்லாமே ஷெட்யூல் மெயிலில் ஆகாத சொற்கள்.

கடைசியாக, அந்த அறுபது கிலோ. இரவு பத்து மணிக்கு நியூ ஜெர்சியிலிருந்து "மொத்தமும் எனக்கே" என்று பதில் வருகிறது என்று வையுங்கள். மற்ற இரண்டு மெயில்களும் அதைப் பற்றி எதுவும் தெரியாமல் சர்வரில் காத்திருக்கும். படுக்கும் முன் `Scheduled` பகுதியைத் திறந்து இரண்டையும் நிறுத்தவேண்டும். அதிகாலை மூன்று மணிக்குப் பதில் வந்தால் நிறுத்த யாரும் விழித்திருக்க மாட்டார்கள். அதனால் மூவருக்குமான மெயிலிலும் "அறுபது கிலோ மட்டுமே உள்ளது, முதலில் உறுதிசெய்பவருக்கு" என்ற வரியைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடச் சொன்னேன். நீண்ட நாள் வாடிக்கையாளருக்கு முன்னுரிமை தர விரும்பினால் அவருக்கு மட்டும் முதல் நாள் அனுப்பி, மற்ற இரண்டையும் டிராஃப்டாகவே வைத்திருப்பது நல்லது. முடிவு தெரியாத சரக்குக்கு நேரம் குறிக்கவே வேண்டாம்.